ஒரு சாக்குப் பல்லாரியும் இருபது வீடும்

நேயர்களுக்கு வணக்கம்.

தக்கலை, திங்கள்சந்தை பக்கத்துத் தெருக்களில் இப்போது சிலர் பத்து இருபது வீடுகளுக்குச் சேர்த்து, நாகர்கோவில் அப்டா சந்தையில் மொத்த விலைக்குக் காய்கறி எடுத்து வந்து பிரித்துக் கொடுக்கிறார்கள். அலைச்சலுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை வாங்கிக்கொள்கிறார்கள். வேலை எளிதுதான். ஆனாலும் சில மாதங்களிலேயே பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கமிஷன் போதவில்லை என்பார்கள். கணக்கை வாங்கிப் பார்த்தால், கமிஷன் போதுமானதாகவே இருக்கும். அது எடையில் கசிந்து போயிருக்கும்.

ஒரு சாக்குப் பல்லாரியை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ, கிலோ 24 ரூபாய் என்று கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதுகிறார். 1,200 ரூபாய். ஏற்றுக்கூலி 20 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் கொட்டிப் பாருங்கள். சாக்கின் எடை கொஞ்சம், உதிர்ந்த சருகும் மண்ணும் கொஞ்சம், முளைத்ததும் அழுகியதும் கொஞ்சம். இவற்றைக் கழித்தபின் நல்ல காய் 48 கிலோ தேறுகிறது என்று வையுங்கள். அதை 24 ரூபாய்க்கே பிரித்துக் கொடுத்தால் 1,152 ரூபாய்தான் கைக்கு வரும். செலவழித்ததோ 1,220. ஒரே சாக்கில் 68 ரூபாய் போயிற்று.

அத்தோடு நிற்காது. நாம் தராசில் முள் நேராக நிற்பதைப் பார்த்து மனம் நிறைகிறவர்கள் அல்லர். மேலே ஒரு காய் போட்டால்தான் கொடுத்த மாதிரி இருக்கும். அந்தக் கொசுறு வீட்டுக்கு 50 கிராம் என்றால், 20 வீட்டுக்கு ஒரு கிலோ. நான்கைந்து காய்களிலும் இப்படியே நடந்தால் இழப்பு எளிதாக 300 ரூபாயைத் தாண்டும். வீட்டுக்கு 40 ரூபாய் வீதம் 20 வீட்டில் கிடைப்பது 800 ரூபாய். அதில் பாதி அளவுக்குக் காணாமல் போனால் யாருக்குத்தான் வெறுக்காது?

வழி இதுதான். சந்தை விலையை வைத்துப் பிரிக்காதீர்கள். தரம் பிரித்தபின் கையில் இருக்கும் எடையைக் கொண்டு, கொடுத்த பணத்தை வகுங்கள். 1,220 ரூபாயை 48 கிலோவால் வகுத்தால் கிலோ ஏறத்தாழ 25 ரூபாய் 40 காசு. அல்லது விலையே பேசாமல் வீட்டுக்கு 2 கிலோ 400 கிராம், 61 ரூபாய் என்று கொடுத்துவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்; சில்லறைச் சண்டை வராது. ஆட்டோ வாடகையைக் காய் விலையில் ஏற்றாமல் வீடுகளுக்குச் சமமாகத் தனியே பிரியுங்கள். கமிஷனும் அதேபோல் தனி வரியில் நிற்கட்டும். சந்தைச் சீட்டைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டால், விலையை உயர்த்திச் சொன்னாரோ என்ற பேச்சு எழாது.

எல்லாக் காயும் இந்தக் கணக்கில் ஒன்றுபோல் நடக்காது. தக்காளிப் பெட்டியில் மேலடுக்கு மட்டும் பார்த்து எடுத்தால் அடியில் நசுங்கியது வரும். பெட்டியை ஒருபக்கம் சாய்த்து, அடியில் ஈரம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்ன உள்ளியில் ஈரம்தான் எதிரி. கையில் அள்ளும்போது சருகு சலசலக்க வேண்டும். பிசுபிசுத்தால் இரண்டே நாளில் எடையும் குறையும், நாற்றமும் வரும். ஏத்தன் குலையைத் தண்டோடு எடை போட்டால் தண்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள். மரச்சீனியை அங்கிருந்து சுமக்கவே வேண்டாம். நம் ஊர் விளையிலேயே பிடுங்கிய அன்று கிடைக்கும்போது எதற்கு வாடகை?

ஓண வாரத்தைப் பற்றி ஒன்று. கேரள வியாபாரிகள் திரண்டு வந்து எடுப்பதால் அப்போது விலை ஒரே நாளில் ஏறிவிடும். முந்தின வாரத்து விலையை நம்பி முன்பணம் வாங்கிவிட்டு, பின்னர் கூடுதல் பணம் கேட்டால் மனக்கசப்புதான். அந்த வாரம் மட்டும், பீன்ஸ் இன்ன விலைக்கு மேல் போனால் எடுக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பணத்தை முதல் நாள் மாலைக்குள் வாங்கிவிட வேண்டும். கொடுக்காத வீட்டை அந்த வாரம் கணக்கில் சேர்க்காதீர்கள், சித்தி வீடாக இருந்தாலும். இருபது வீடு பதினாறாகக் குறைந்தால் முழுச் சாக்கு எடுக்காமல் அத்தனை வீட்டுக்கு வேண்டியதை மட்டும் எடை போட்டு வாங்குங்கள். கிலோவுக்குக் கொஞ்சம் கூடத்தான் செய்யும். நான்கு வீட்டுப் பல்லாரி உங்கள் அடுக்களையில் முளைத்துக் கிடப்பதைவிட அது மலிவு.

தராசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பணம் வாங்கி எடை போடுகிறீர்கள் என்றால், மின்னணுத் தராசில் ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்க வேண்டும். சமையலறைச் சிறு தராசு இந்த வேலைக்கு ஆகாது.

வணக்கம்.