சங்கத்து வேலை கிடைத்தால் சம்பளம் எங்கிருந்து வரும்? ஐந்தொகையைப் படித்துப் பார்ப்போம்

[காட்சி: கடலூர் மாவட்டத்துக் கிராமம். தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்தின் பெயர்ப்பலகை, பக்கத்தில் உர மூட்டைகள்]

கடலூர் மாவட்டத்தில் கூட்டுறவு சங்க உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் பலரும் அதை அரசு வேலை என்றே நினைக்கிறார்கள். தேர்வு நடத்துவது மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம், மேற்பார்வை கூட்டுறவுத் துறை, அதனால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்தின் ஊழியருக்குக் கருவூலத்திலிருந்து சம்பளம் வராது. சங்கம் சம்பாதிப்பதிலிருந்துதான் வரும். சங்கம் நொடித்தால் முதலில் நிற்பது சம்பளம்.

உள்ளே போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறோம். உதவியாளர், எழுத்தர் பதவிகளுக்குப் பட்டப்படிப்போடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள். எழுத்துத் தேர்வுக்கு 85 விழுக்காடு, நேர்முகத்துக்கு 15 விழுக்காடு என்று மதிப்பெண் பிரியும். ரேஷன் கடைக்கு விற்பனையாளர் என்றால் பன்னிரண்டாம் வகுப்பு, கட்டுநர் என்றால் பத்தாம் வகுப்பு. அண்மை அறிவிப்புகளில் விற்பனையாளருக்கு முதல் ஓராண்டு தொகுப்பூதியம் 6,250 ரூபாய், கட்டுநருக்கு 5,500. அதன் பிறகுதான் ஊதிய விகிதம்.

"தலைவரைப் பார்த்தால் போதும், தற்காலிகமாகப் போட்டு அப்புறம் நிரந்தரமாக்கிவிடலாம்" என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். விதிமுறையை மீறி தமிழகச் சங்கங்களில் சேர்க்கப்பட்டவர்களைப் பணி வரன்முறை செய்ய முடியாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் மாட்டியவர்கள் பல ஆண்டு வேலை பார்த்தவர்கள்.

[காட்சி: ஒரு ஐந்தொகையின் இரண்டு பக்கங்கள், பெரிதாக]

இப்போது ஐந்தொகை, அதாவது சங்கத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் ஆண்டுக் கணக்குத் தாள். இது எப்படிக் கைக்கு வரும்? உங்கள் வீட்டில் யாராவது அந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்றால் நேராகக் கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. ஆனால் மனுவைச் சங்கத்துக்குப் போடாதீர்கள். அரசு நிதியில் கணிசமாக நடக்காத கூட்டுறவு சங்கம் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவாளர் அலுவலகம் சட்டத்துக்குள் வரும். எனவே உங்கள் சரகத் துணைப்பதிவாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, "இச்சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையும் ஐந்தொகையும், தங்கள் அலுவலகத்தில் உள்ளவை" என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வரவேண்டும்.

தாள் கைக்கு வந்ததும் லாபத்தைத் தேடாதீர்கள். லாபம் என்ற வரி ஏமாற்றும். முதலில் பார்க்க வேண்டியது, கூட்டுறவுக்காரர்கள் 'இம்பேலன்ஸ்' என்று சொல்லும் ஒன்று.

சங்கம் பயிர்க்கடன் கொடுக்க மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியில் கடன் வாங்குகிறது. விவசாயி திருப்பிக் கட்டியதும் அதை வங்கியில் கட்டிவிட வேண்டும். ஆக, வங்கிக்குச் சங்கம் தர வேண்டியதும், சங்கத்துக்கு உறுப்பினர்கள் தர வேண்டியதும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். வங்கிக்குத் தர வேண்டியது அதிகமாக இருந்தால், வசூலான பணம் வங்கிக்குப் போகாமல் வேறெங்கோ போயிருக்கிறது. சம்பளத்துக்குப் போயிருக்கலாம், உர வியாபார நட்டத்துக்குப் போயிருக்கலாம், கையாடலும் ஆகியிருக்கலாம்.

[காட்சி: கரும்பலகை. எண்கள் ஒவ்வொன்றாக எழுதப்படுகின்றன]

பண்ணுருட்டிப் பக்கத்து ஒரு சங்கம் என்று கற்பனை செய்துகொள்வோம். எண்கள் கணக்குக்காக மட்டும். பயிர்க்கடனுக்காக வங்கிக்குத் தர வேண்டியது 210 லட்சம். உறுப்பினர்களிடம் நிலுவை 172 லட்சம். இடைவெளி 38 லட்சம்.

இங்கே அவசரப்படக் கூடாது. 2021-இல் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தது. அப்படித் தள்ளுபடியான தொகை உறுப்பினர் நிலுவையிலிருந்து கழிந்து, 'அரசிடமிருந்து வர வேண்டியது' என்று வேறு வரியில் நிற்கும். அது அரசு தவணையாகத் தரும் பணம், தொலைந்த பணமல்ல. அந்த வரியில் இருப்பதை 172-உடன் கூட்டிய பிறகே இடைவெளியைக் கணக்கிட வேண்டும். பழைய ஆண்டு ஐந்தொகை என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். நம் சங்கத்தில் அந்த வரி காலி. ஆக 38 லட்சமும் உண்மையான ஓட்டைதான்.

அது சம்பளத்தை எப்படித் தொடுகிறது? நகைக்கடன் சராசரி 240 லட்சம். வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் வித்தியாசம் 3 விழுக்காடு என்றால் 7.20 லட்சம். பயிர்க்கடனில் 2 விழுக்காடு, 3.44 லட்சம். உரம், இ-சேவை எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். ஆக ஆண்டு வரவு 11.64 லட்சம். செயலாளரும் இரண்டு ஊழியர்களும் சேர்ந்து மாதம் 75,000 என்றால் ஆண்டுக்கு 9 லட்சம். மின்சாரம், தணிக்கைக் கட்டணம் இத்யாதி ஒன்றரை லட்சம். மிச்சம் 1.14 லட்சம். பார்க்க நல்ல சங்கம்.

ஆனால் அந்த 38 லட்சத்துக்கு ஈடாக எந்த உறுப்பினரும் வட்டி கட்டவில்லை, வங்கியோ வட்டி கேட்கிறது. 8 விழுக்காடு என்றாலே 3.04 லட்சம். மிச்சம் போய் 1.90 லட்சம் நட்டம். அந்த நட்டத்தைச் சமாளிக்க மறுபடி வசூல் பணத்தில் கை வைப்பார்கள், அடுத்த ஆண்டு இடைவெளி இன்னும் அகலும். இதனால்தான் மூன்றாண்டுத் தாள் கேட்கச் சொன்னோம். 38 லட்சம் முன்பு 45 ஆக இருந்து குறைந்து வந்திருந்தால் யாரோ பொறுப்பாக நடத்துகிறார்கள். 29-இலிருந்து ஏறி வந்திருந்தால் யோசியுங்கள்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். வரவில் பாதிக்கு மேல் நகைக்கடன் தருவது. தணிக்கை அறிக்கையில் நகை சரிபார்ப்பு பற்றிய குறிப்பைத் தேடுங்கள். எடைக் குறைவு, போலி நகை என்று ஒரு வரி இருந்தாலும் போதும், அடுத்து விசாரணை வரும், நகைக்கடன் நின்றுபோகும்.

கடைசியாக, பொறுப்புகள் பக்கத்தில் 'கொடுபட வேண்டிய சம்பளம்', 'கட்டப்படாத சேமநல நிதி' என்ற வரிகள். ஆண்டுக்கடைசி மாதச் சம்பளம் மட்டும் நிற்பது சகஜம். ஊழியர் எண்ணிக்கைக்கு அது நாலைந்து மாதச் சம்பளம் அளவுக்கு இருந்தால், அங்கே இருப்பவர்களே சம்பளம் வாங்கவில்லை என்று பொருள்.

[காட்சி: புதுச்சேரி பேருந்து நிலையம், பிறகு கிராம வங்கிக் கிளை]

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கூட்டுறவு சங்கங்களுக்குத் தனிச் சட்டம், 1972-ஆம் ஆண்டுச் சட்டம். கடலூர் ஆள்சேர்ப்பு நிலையம் அங்கே செல்லாது. ஐந்தொகை படிக்கும் முறை மட்டும் ஒன்றே.

இத்தனை ஆராய்ச்சி வேண்டாம் என்பவர்கள் கிராம வங்கித் தேர்வு எழுதலாம். ஐபிபிஎஸ் நடத்துகிறது. கடலூர்ப் பக்கம் தமிழ்நாடு கிராம வங்கி, புதுச்சேரியில் அதற்கென்று தனிக் கிராம வங்கி. இரண்டுக்கும் ஆதரவு வங்கி இந்தியன் வங்கி. பங்கு மூலதனத்தில் ஒன்றிய அரசுக்கு 50, மாநில அரசுக்கு 15, ஆதரவு வங்கிக்கு 35 விழுக்காடு. போட்டி கடுமை, ஆனால் சம்பளத் தேதி தவறுமா என்ற கவலை இருக்காது.

மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வேறு ரகம். அங்கே கணக்காளருக்குக் கிடைப்பது மதிப்பூதியம். அது திட்ட நிதியிலிருந்து வருகிறதா, கூட்டமைப்பின் சொந்த வட்டி வரவிலிருந்தா என்று முதல் நாளே கேளுங்கள். திட்ட நிதி என்றால் திட்டம் முடியும் தேதிதான் உங்கள் வேலையின் தேதி. சொந்த வரவு என்றால் கணக்கு எளிது. குழுக்களுக்குக் கொடுத்த பத்து லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றால் மாதம் பத்தாயிரம். வசூல் எழுபது விழுக்காடு என்றால் ஏழாயிரம். அதில் அலுவலகச் செலவு கழித்து, உங்களுக்குச் சொன்ன தொகை மிஞ்சுகிறதா என்று தீர்மானப் புத்தகத்தையும் கடன் பதிவேட்டையும் வைத்துப் பாருங்கள். புத்தகத்தைக் காட்டத் தயங்கினால், ஆறு மாதமாக யாரும் எழுதவில்லை என்றே பெரும்பாலும் இருக்கும். அந்த ஆறு மாதக் கணக்கையும் நீங்கள்தான் எழுத வேண்டிவரும்.