மாறுபாட்டுக் கெழுவில் எதால் வகுக்கிறோம்?

நண்பர்களே, திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட ஆள்தான். ஜாப் வொர்க் எடுக்க 6 லட்சத்துக்குத் தையல் மெஷின்கள் போடுவதா, 35 லட்சத்துக்கு ஒரு நிட்டிங் மெஷின் வாங்குவதா என்று யோசிக்கிறார். ஆர்டர் மந்தமாக இருக்க 30 சதவீதம், வழக்கம்போல் வர 50, குவிய 20 சதவீதம் வாய்ப்பு என்பது அவர் கணிப்பு. தையல் மெஷின்கள் கொண்டுவரும் மொத்தப் பணத்தின் இன்றைய மதிப்பு, அதே வரிசையில், 4, 10, 19 லட்சம். நிட்டிங் மெஷினுக்கு 30, 40, 55 லட்சம்.

முதலில் எதிர்பார்ப்பு மதிப்பு. ஒவ்வொரு தொகையையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் தையலுக்கு 1.2 + 5 + 3.8, அதாவது 10 லட்சம். பலர் 4, 10, 19 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 11 என்று எழுதிவிடுகிறார்கள். குவியும் ஆர்டருக்கு இருப்பது 20 சதவீத வாய்ப்புதான் என்பது அதில் காணாமல் போகிறது. நிட்டிங்குக்கு 40 லட்சம் வருகிறது.

அடுத்தது பரவற்படி, அதாவது தொகைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு. எதிர்பார்ப்பு மதிப்புதான் இங்கே சராசரி; தையலில் அதிலிருந்து விலகல்கள் -6, 0, 9. வர்க்கங்கள் 36, 0, 81. இவற்றையும் நிகழ்தகவால் பெருக்க வேண்டும்: 10.8 + 0 + 16.2 = 27. லட்சத்தின் வர்க்கம் யாருக்கும் புரியாது, அதனால் வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் சுமார் 5.2 லட்சம். நிட்டிங்குக்குப் பரவற்படி 75, திட்ட விலக்கம் சுமார் 8.7 லட்சம்.

திட்ட விலக்கத்தை மட்டும் பார்த்தால் நிட்டிங்தான் ஆபத்து. ஆனால் அது பெரிய திட்டம், ஏற்ற இறக்கமும் பெரிதாகத்தானே இருக்கும்? அதனால் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுக்கிறோம், அதுதான் மாறுபாட்டுக் கெழு. அது தையலுக்கு 0.52, நிட்டிங்குக்கு 0.22. சரி, நிட்டிங் பாதுகாப்பானது என்று பலர் இங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

என் கவலை இங்கேதான். முதலீட்டைக் கழித்துப் பாருங்கள். தையலில் எதிர்பார்க்கும் நிகர ஆதாயம் 4 லட்சம், நிட்டிங்கில் 5 லட்சம். முதலீடு நிலையான தொகை என்பதால் திட்ட விலக்கம் அசையவே இல்லை. கெழு மட்டும் தையலுக்கு 1.3, நிட்டிங்குக்கு 1.7 என்று மாறுகிறது. அதே மெஷின், அதே கணிப்பு, வரிசை தலைகீழ்! மொத்த வரவால் வகுத்தீர்களா, நிகர ஆதாயத்தாலா என்று அட்டவணையிலேயே எழுதிவையுங்கள். போடுவதா வேண்டாமா என்ற முடிவுக்கு நிகர ஆதாயம்தான் பொருந்தும் என்பேன்.

அதற்கும் எல்லை உண்டு. நிட்டிங் மெஷின் விலை 39.5 லட்சம் என்றால் நிகரம் அரை லட்சமாகிக் கெழு 17-ஐத் தாண்டும். 41 லட்சம் என்றால் எதிர்மறையாகிவிடும். அப்போது அந்த எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. அப்புறம், மந்தமான 30 சதவீத நிலையில் தையலில் 2 லட்சம், நிட்டிங்கில் 5 லட்சம் கையை விட்டுப் போகும். அதைத் தாங்கும் பணம் இருக்கிறதா என்பதை எந்தக் கெழுவும் காட்டாது. அவர் தன் வங்கிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.