பெல்ட் போட்டா தொப்பை உருகுமா? டி-ஷர்ட்டை எடை போட்டுப் பார்ப்போம்

ஹாய் மக்களே, இன்னைக்கு கையில இருக்கிறது ஸ்வெட் பெல்ட். இதை வாங்கலாமா வேணாமான்னு கமெண்ட்ல ஏகப்பட்ட பேர் கேட்டீங்க, கூடவே வேர்க்க வைக்க உடம்பு முழுக்க போடுற சானா சூட், இடுப்பை இறுக்கிக் கட்டுற வெய்ஸ்ட் ட்ரெய்னர், அப்புறம் அந்த மேல ஏறி நிக்கிற வைப்ரேஷன் மெஷின், எல்லாத்தையும் பத்தி பேசிடலாம்.

மொதல்ல இந்த பெல்ட். உள்பக்கம் பாருங்க, ரப்பர் மாதிரி வழவழன்னு இருக்குல்ல, இது நியோப்ரீன், கடல்ல டைவ் அடிக்கிறவங்க போடுற டிரெஸ்ஸோட துணி, காத்து உள்ள போகாது, ஈரம் வெளிய வராது. இதைக் கட்டிட்டு நாப்பது நிமிஷம் வேகமா நடந்துட்டு வந்தேன். போறதுக்கு முன்னாடி டி-ஷர்ட்டையும் பெல்ட்டையும் கிச்சன் தராசுல எடை போட்டு வெச்சிருந்தேன், வந்ததும் மறுபடி போட்டேன். 310 கிராம் கூடியிருக்கு! இதோ பிழியுறேன் பாருங்க, சொட்டுதா? என் எடை எவ்ளோ குறைஞ்சிருந்துச்சுன்னா, 400 கிராம். குறைஞ்சதுல முக்கால்வாசி இந்த துணியில தண்ணியா உக்காந்திருக்கு, மீதி முகத்துலயும் கையிலயும் காஞ்சுபோன வேர்வையும் விட்ட மூச்சும்தான்.

அப்போ கொழுப்பு எவ்ளோ கரைஞ்சுது? கணக்கு போடுவோம். எழுவது கிலோ ஆளு நாப்பது நிமிஷம் வேகமா நடந்தா சுமாரா 200 கலோரி செலவாகும், ஒரு கிலோ உடம்புக் கொழுப்புல கிட்டத்தட்ட 7700 கலோரி இருக்கு, அதனால அந்த 200-ம் முழுக்க கொழுப்புல இருந்தே வந்துச்சுன்னு தாராளமா வெச்சுக்கிட்டாகூட 26 கிராம்தாங்க. அதுவும் நடந்ததுக்கு, பெல்ட்டுக்கு இல்ல. ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சேன், அந்த 400 கிராம் திரும்ப வந்துடுச்சு.

இன்னொன்னு, கொழுப்பு வேர்வையா உருகி வெளிய வர்றதே கிடையாது. உடம்பு அதை எரிச்சா பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடா மூச்சு வழியா போயிடும், மிச்சம் தண்ணியாகும். எந்த இடத்துல வேர்க்குதோ அந்த இடத்துக் கொழுப்பு குறையும்ங்கிறதும் சும்மா விளம்பரம், எங்க இருந்து எடுக்கணும்னு உடம்பேதான் முடிவு பண்ணும்.

சானா சூட்தான் இதுல நெஜமாவே பயப்பட வேண்டியது. வேர்வை எதுக்கு வருது? அது ஆவியாகும்போது உடம்போட வெப்பத்தை எடுத்துட்டுப் போறதுக்கு. பிளாஸ்டிக் மாதிரி உடம்பு முழுக்க மூடிட்டா வேர்வை ஆவியாகாம வழிஞ்சுட்டே இருக்கும், உள்ள சூடு ஏறிட்டே இருக்கும், உடம்பு இன்னும் வேர்க்க வைக்கும், இருக்கிற தண்ணியும் போயிடும். 1997 கடைசில அமெரிக்காவுல மூணு காலேஜ் மல்யுத்த வீரர்கள் அஞ்சு வாரத்துக்குள்ள அடுத்தடுத்து இறந்துபோனாங்க, மூணு பேருமே எடைப்பிரிவுக்குள்ள வரணும்னு சூடான ரூம்ல இந்த மாதிரி சானா சூட் போட்டுட்டு, தண்ணியைக் குறைச்சுக்கிட்டு, கடுமையா எக்சர்சைஸ் பண்ணவங்க. எல்லாம் சின்ன வயசு, நல்ல ஃபிட்டான பசங்க. அதுக்கப்புறம்தான் அங்க காலேஜ் மல்யுத்தத்துல சானா சூட்டுக்கு தடை வந்துச்சு. நம்ம ஊர் மே மாசத்துல இதைப் போட்டு மொட்டை மாடியில ஓடுறத யோசிச்சுப் பாருங்க. தலை சுத்துது, குமட்டுது, கெண்டைக்கால் பிடிக்குதுன்னா உடனே கழட்டிட்டு நிழலுக்கு வந்துடுங்க. பேச்சு குளறினா உடம்புல தண்ணியை ஊத்தி விசிறிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க. பிபிக்கு நீர் பிரியிற மாத்திரை சாப்பிடுறவங்க தயவுசெஞ்சு இது பக்கமே போகாதீங்க.

வெய்ஸ்ட் ட்ரெய்னர்ல தொப்பை எங்கயும் போறதில்ல, மேலயும் கீழயும் தள்ளி வெச்சிருக்கும், அவ்ளோதான். கல்யாணத்துக்கு ரெண்டு மணி நேரம் பட்டுப்புடவைக்குள்ள போட்டா போட்டுக்கோங்க, கழட்டினதும் பழைய அளவு. நாள் பூரா போட்டா மூச்சு மேலோட்டமா வரும், வயித்தை அழுத்துறதால சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல் வரும். கொஞ்சமாதான் சாப்பிட முடியுது, அதனால இளைக்கிறேன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க, சரிதான்க்கா, ஆனா அது கழட்டுற வரைக்கும்தான். சிசேரியன் ஆனவங்களுக்கு டாக்டர் கட்டச் சொல்ற பெல்ட் வேற, அது வலி கம்மியா எழுந்து நடக்கிறதுக்கு, இளைக்கிறதுக்கு இல்ல.

வைப்ரேஷன் மெஷின்ல நின்னா காலெல்லாம் நமநமன்னு அரிக்கும், தோல் செவக்கும், ஏதோ கரையுதுன்னு தோணும். தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுறதால வர்ற அரிப்பு அது. தசை லேசா இறுகி விடும், அதனால சும்மா நிக்கிறதைவிட கொஞ்சம் கலோரி கூட செலவாகும், அதே நேரம் தெருவுல நடந்தா அதைவிட நல்லாவே செலவாகும். மாசமா இருக்கிறவங்க, பேஸ்மேக்கர் வெச்சவங்க, இப்பதான் ஆபரேஷன் ஆனவங்க, கடைக்காரர் டெமோக்கு ஏறச் சொன்னாலும் ஏறாதீங்க.