‘கவனமாக வழுக்கவும்’: சீனப் பலகையில் எழுதியவர் உண்மையில் சொல்ல வந்தது என்ன?

கேள்வி: அண்ணே, கீழக்கரையில இருந்து கேக்குறேன். எங்க காக்கா சரக்குக் கப்பல்ல வேலை பாக்குறாக. சீனாவுல கரை இறங்குனப்ப ரெண்டு போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காக. ஒண்ணுல ‘ஸ்லிப் கேர்ஃபுலி’ன்னு இருக்கு. இன்னொண்ணு கடை போர்டு, அதுல இங்கிலீஷ்ல அசிங்கமான கெட்ட வார்த்தை இருக்கு. எழுதுனவுக என்னதான் சொல்ல வந்தாக, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்:

தம்பி, மொதல்ல அந்த இங்கிலீஷை விட்டுருங்க. அதையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தா ஒண்ணும் தேறாது. அதுக்கு மேலயோ கீழயோ சீன எழுத்து ஒரு வரி இருக்கும் பாருங்க, எழுதுனவர் மனசுல இருந்தது அதுதான். இங்கிலீஷ் வரி அதுல இருந்து யாரோ, இல்ல ஏதோ ஒரு மென்பொருள், எடுத்துப் போட்டது. கடைசியில அந்தத் தப்பு இங்கிலீஷும் நமக்குத் துப்பாப் பயன்படும், ஆனா ஆரம்பிக்க வேண்டிய இடம் அது இல்ல.

நீங்க அனுப்புன போட்டோ வாட்ஸ்அப் வழியா வந்ததுனால எழுத்தோட ஓரம் எல்லாம் கலங்கிப் போயிருக்கு. காக்காகிட்ட அதே போட்டோவை ‘டாக்குமென்ட்’டா அனுப்பச் சொல்லுங்க, அப்படி அனுப்புனா அது படத்தைச் சுருக்காது. வந்ததும் சீன வரி மட்டும் தெரியிற மாதிரி வெட்டி எடுத்து, கூகுள் லென்ஸ்ல திறங்க. அதுல ‘டிரான்ஸ்லேட்’டை அமுக்காம, எழுத்தைத் தேர்ந்தெடுத்து காப்பி பண்ணுங்க. நமக்கு இப்ப மொழிபெயர்ப்பு வேணாம், மூல எழுத்துதான் வேணும்.

காப்பி பண்ணதை அப்படியே நம்பிறக்கூடாது. போட்டோவுல எத்தனை எழுத்து, காப்பியில எத்தனை எழுத்துன்னு எண்ணுங்க. அப்புறம் ஒவ்வொண்ணா பக்கத்துல வச்சுப் பாருங்க. சீனத்துல 人ன்னா மனுசன், 入ன்னா உள்ள நுழையிறது. ரெண்டுக்கும் வித்தியாசம் தலையில எந்தக் கோடு நீட்டிக்கிட்டு இருக்குங்கிறதுல மட்டும்தான். வெயில் பட்டுப் பளபளக்குற போர்டுன்னா இந்த மாதிரி எழுத்து மாறித்தான் வரும். லென்ஸ் ஒரு எழுத்தைப் பிடிக்கவே இல்லைன்னா, கூகுள் டிரான்ஸ்லேட்ல விரலால வரையிற வசதி இருக்கு. சீன மொழியைத் தேர்ந்தெடுத்துட்டு, பாத்தபடியே வரைஞ்சா ஒத்துப்போற எழுத்துகளைக் கீழ வரிசையாக் காட்டும்.

உங்க மொதல் போட்டோவுல நாலு எழுத்து இருக்கு:

```
小心地滑
```

இதை mdbg.net மாதிரி ஒரு சீன அகராதியில ஒட்டுங்க. முழு வரிக்கு ஒரே அர்த்தம் தேடாதீங்க, ஒவ்வொரு எழுத்துக்கும் என்னென்ன அர்த்தம் இருக்கோ அத்தனையும் ஒரு தாள்ல எழுதுங்க. எழுத்தெழுத்தா மட்டும் பாத்தாலும் தப்பாப்போகும், ரெண்டு எழுத்து சேந்து ஒரு சொல்லாகுதான்னும் பாக்கணும். இங்க 小 ‘சின்ன’, 心 ‘மனசு’. ஆனா ரெண்டும் சேந்தா ‘கவனம், ஜாக்கிரதை’. கடைசியில இருக்குற 滑, வழுக்குறதுக்கும் ‘வழுவழுப்பான’ங்கிறதுக்கும் ரெண்டுக்கும் வரும்.

வம்பு பண்றது மூணாவது எழுத்து, 地. அதுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, தரை, நிலம். இன்னொண்ணு, நம்ம தமிழ்ல ‘ஆக’ன்னு ஒட்டுறோமே, ‘கவனம்’ங்கிறதை ‘கவனமாக’ன்னு ஆக்குறோமே, அந்த வேலை. வாயால சொல்லும்போது ரெண்டுக்கும் உச்சரிப்பு வேற, எழுத்துல ஒண்ணேதான். போதாததுக்கு சீனத்துல சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல இடம் விடுறதும் கிடையாது. எங்க வெட்டணும்னு படிக்கிறவர்தான் முடிவு பண்ணணும். ‘பலகை’ன்னு எழுதியிருக்கிறதை ‘பல கை’ன்னு வெட்டிப் படிச்சா என்ன ஆகுமோ, அதுதான் அங்க ஆகியிருக்கு.

இப்ப அந்தத் தப்பு இங்கிலீஷை எடுங்க. ‘கேர்ஃபுலி’ன்னு இருக்குல்ல? அப்ப மொழிபெயர்த்தவர் மூணாவது எழுத்தை ‘ஆக’ன்னு எடுத்து முன்னாடி சொல்லோட ஒட்டியிருக்காரு. கவனமாக, வழுக்கு. தடம் மாறுன இடம் இதுதான்னு அந்த இங்கிலீஷே காட்டிக் குடுத்துருச்சு. அந்த இடத்துக்குத் திரும்பி வந்து இன்னொரு பக்கம் வெட்டுங்க: 小心 தனி, 地滑 தனி. கவனம், தரை வழுக்கும். ஈரத்தரையில வைக்கிற எச்சரிக்கை, அவ்வளவுதான்.

ரெண்டு வெட்டுல எது சரின்னு அகராதி சொல்லாது. அதுக்குப் போட்டோவுல எழுத்தைச் சுத்தி இருக்குறதைப் பாக்கணும். உங்க போட்டோவுல எழுத்துக்குப் பக்கத்துல மஞ்சள் முக்கோணம் இருக்கு. மஞ்சள் முக்கோணம்னா எச்சரிக்கை. சிவப்பு வட்டத்துல குறுக்குக் கோடுன்னா செய்யாதே. நீல வட்டம்னா கட்டாயம் செய். சீனத்துலயும் பிற நாடுகள்லயும் பாதுகாப்புப் பலகைக்கு இதே நிறம்தான். ‘கவனமாக வழுக்கு’ங்கிறது ஒரு கட்டளை, அது மஞ்சள் முக்கோணத்துல வராது. அதுக்கு மேலயும் உறுதி வேணும்னா, சீன வரியை மேற்கோள் குறிக்குள்ள போட்டுப் படத் தேடல்ல தேடுங்க:

```
"小心地滑"
```

ஈரத்தரை, வழுக்கி விழுற ஆள் படம், மடக்கி வைக்கிற மஞ்சள் ஸ்டாண்டுன்னு வரிசையா வரும். பொது இடத்துப் பலகையில இருக்குறது பெரும்பாலும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே வாசகம்தான், அதனால இந்தச் சோதனை நல்லா வேலை செய்யும். ஒரு படமும் வரலைன்னா, எழுத்தை எங்கயோ தப்பா எடுத்திருக்கோம்னு மொதல்ல சந்தேகப்படுங்க.

இதே குடும்பத்துல இன்னும் நிறைய உண்டு. 小心落水ன்னு தண்ணி ஓரத்துல இருக்கும், ‘கவனமா தண்ணியில விழவும்’னு இங்கிலீஷ் போட்டிருப்பாக. பாம்பன்ல, மண்டபத்துல ஜெட்டியில அப்படி ஒரு பலகை நட்டா எப்படி இருக்கும்! இதுல ‘ஆக’ங்கிற அந்த எழுத்தே கிடையாது, ஆனாலும் தப்பு வந்திருக்கு. ஏன்னா 小心க்குப் பின்னாடி என்ன வந்தாலும் மொழிபெயர்க்குறவர் ‘கேர்ஃபுலி’ன்னு போட்டுட்டு, அடுத்து வர்ற ஆபத்தை வினையா ஆக்கிடுறாரு. ஆகவே இங்கிலீஷ்ல ‘கேர்ஃபுலி’யும் அதோட ஒரு விபத்தும் சேந்து வந்தா, அந்த விபத்து நடக்காமப் பாத்துக்கோன்னு எடுத்துக்கலாம். தலையை இடிச்சுக்கோ, தவறி விழு, எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

ரெண்டாவது போட்டோ வேற ரகம். அதுல ரெண்டே எழுத்து:

```
干货
```

இங்க வெட்டுறதுல பிரச்சினை இல்ல. 干 ஒத்தை எழுத்துக்குள்ள மூணு சொல் ஒளிஞ்சிருக்கு. பழைய எழுத்து முறையில காஞ்சதுக்கு 乾, செய்யிறதுக்கு 幹, குறுக்கிடுறது மாதிரி அர்த்தத்துக்கு 干ன்னு தனித்தனியா இருந்துச்சு. 1956ல சீன அரசாங்கம் எழுத்தை எளிமையாக்க ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. இப்ப சீனாவுல மூணுக்கும் 干தான். இதுல ‘செய்’ங்கிற சொல்லுக்குக் கொச்சையா ஒரு கெட்ட அர்த்தமும் உண்டு. மென்பொருளோ அகராதியோ அந்த அர்த்தத்தை எடுத்துக் குடுத்திருக்கு, இங்கிலீஷ் தெரியாத கடைக்காரர் பாவம் அப்படியே பெயிண்ட் அடிச்சு மாட்டிட்டாரு.

இதுக்குச் சாவி போட்டோவுலயே கிடக்கு. போர்டுக்குக் கீழ கூடையில என்ன இருக்குன்னு நம்ம கடற்கரை ஆளுகளுக்குச் சொல்லணுமா? காஞ்ச கணவா, காஞ்ச இறால், நெத்திலி மாதிரி ஏதோ பொடிமீன். 货ன்னா சரக்கு. காஞ்ச சரக்கு, அம்புட்டுத்தான். கருவாடு மட்டும் இல்ல, காஞ்ச காளான், காஞ்ச இலந்தைப்பழம் எல்லாம் அந்த மாதிரிக் கடையில இருக்கும். தமிழ்ல ‘உலர் பொருள் கடை’ன்னு சொன்னாச் சரியா இருக்கும். இதை இங்கிலீஷ்ல ‘ட்ரை குட்ஸ்’னு திருத்துறதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, அமெரிக்காவுல அதுக்குத் துணிமணிச் சரக்குன்னு அர்த்தம்.

இங்கிலீஷ்ல சம்பந்தமில்லாம ஒரு கெட்ட வார்த்தையைப் பாத்தா, சீன வரியில 干 இருக்கான்னு தேடுங்க. இருந்தா, அந்த இடத்துல ‘காஞ்ச’ன்னு போட்டுப் பாருங்க, சாப்பாட்டுச் சாமான்னா பெரும்பாலும் பொருந்திரும். தைவான்லயும் ஹாங்காங்லயும் பழைய எழுத்தே புழக்கத்துல இருக்கிறதுனால இந்தக் குழப்பம் அங்க வர்றதுக்கு வழி குறைவு.

இன்னொரு எச்சரிக்கை, இது சிரிப்பு விசயம் இல்ல. காப்பி பண்ண வரியில 勿, 禁, 不 இந்த மூணுல ஏதாவது இருக்கான்னு எப்பவும் பாத்துருங்க. மூணும் ‘கூடாது, இல்லை’ங்கிற பக்கம். 请勿攀爬ன்னா ‘தயவுசெஞ்சு ஏறாதீங்க’. அதுல 勿 அழிஞ்சு போயி லென்ஸ் விட்டுருச்சுன்னா ‘தயவுசெஞ்சு ஏறுங்க’ன்னு ஆயிரும், வாக்கியமும் சுத்தமாத்தான் இருக்கும், தப்புன்னு சந்தேகமே வராது. எழுத்தை எண்ணச் சொன்னது இதுக்காகத்தான்.

சீன வரி போட்டோவுல விழவே இல்ல, இங்கிலீஷ் மட்டும்தான் இருக்குன்னா, பின்னாடி நடந்துதான் பாக்கணும். ‘ஓப்பன் வாட்டர் ரூம்’னு ஒரு பலகை இருக்குன்னு வைங்க. ‘ஓப்பன்’க்குச் சீனத்துல என்ன எழுத்துன்னு அகராதியில தேடுனா 开 வரும். அதே எழுத்துக்குக் கொதிக்கிறதுங்கிற அர்த்தமும் இருக்கு, 开水ன்னா கொதிச்ச தண்ணி. ஆக அது வெந்நீர் பிடிக்கிற அறை, 开水间. மறுபடி படத் தேடல்ல போட்டு, வெந்நீர்க் குழாய் படம் வருதான்னு பாருங்க. வந்தாலும் இது ஊகம்தான், மூல எழுத்தைப் பாத்துச் சொல்றதுக்குச் சமம் ஆகாது.

2017 டிசம்பர்ல இருந்து சீனாவுல பொது இடத்து இங்கிலீஷுக்குன்னே GB/T 30240னு ஒரு தரநிலை நடைமுறையில இருக்கு, எந்த வாசகத்துக்கு எந்த இங்கிலீஷ்னு பட்டியலே குடுத்திருக்காக. பழைய பலகையும் சின்னக் கடைகளும் அப்படியேதான் கிடக்கு. காக்காகிட்ட ஒண்ணு சொல்லிருங்க: கிரேன், ரசாயன டிரம், கப்பல் கட்டுற கயிறு பக்கத்துல இருக்குற பலகைன்னா இந்த வேலையெல்லாம் கேபின்ல உக்காந்து பொழுதுபோக்காப் பாத்துக்கட்டும். அந்த இடத்துல நிக்கும்போது நிறத்தையும் படத்தையும் பாத்துட்டு, துறைமுக ஆள்கிட்டக் கேட்டுட்டுத்தான் காலை எடுத்து வைக்கணும்.