பில்லுல மணிக்கணக்கு தப்பாப் போச்சு, கிளையண்ட்டுக்கு நான் எழுதின லெட்டர்

வணக்கமுங்க, நான் பெருந்துறைல இருந்துட்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு கேட்லாக் போட்டோ எடிட்டிங் பண்றேனுங்க, மணிக்கு 600 ரூவா. போன வாரம் ஒரு அண்ணனுக்கு 21.10 மணி நேரம்னு 12,660 ரூவாய்க்கு பில் அனுப்பிட்டேன், அன்னைக்கு பொழுதோட ஷீட்ட திரும்பப் பாத்தா வயிறு கலங்கிப்போச்சு.

பாருங்க, ஆறு நாள் வேலை. 3.30, 2.45, 4.15, 5.30, 2.45, 3.45னு எழுதியிருக்கேன். நான் நெனச்சது ரெண்டே முக்கா மணி, ஆனா ஷீட்டுக்கு 2.45ங்கறது வெறும் நம்பருங்க, ரெண்டே முக்கான்னா அதுக்கு 2.75. ஒரு மணிக்கு அறுபது நிமிஷம்ங்கறது அதுக்குத் தெரியாது. நிமிஷத்த மட்டும் கூட்டுனா 210, அதாவது மூணரை மணி, ஷீட்டு அத 2.10னு கூட்டிருக்கு. நெசமான மொத்தம் 22 மணி 30 நிமிஷம், 13,500 ரூவா. 840 ரூவா கொறச்சு கேட்டிருக்கேன். உங்க ஷீட்டுல புள்ளிக்கு அப்பறம் 15, 30, 45 மட்டுமே வருது, 25, 75 எங்கயுமே இல்லைன்னா இதே தப்புதானுங்க.

கூட காசு கேக்கறப்ப, பில்ல மட்டும் மாத்தி அனுப்புனா ஏமாத்தறான்னு தோணிரும். அதனால இப்படி எழுதினேன்:

"அண்ணா வணக்கமுங்க. பில் 034ல மணிக்கணக்கு தப்பா கூட்டிட்டேன், தப்பு என்னோடது. நிமிஷத்த புள்ளி வச்சு எழுதிட்டேன். சரியான நேரம் 22 மணி 30 நிமிஷம், தொகை 13,500. ரேட்டு மாறல, வேலையும் புதுசா எதும் சேக்கல. ஒவ்வொரு நாளும் எத்தன நேரம்னு கூட வச்சிருக்கேன், நீங்களே கூட்டிப் பாத்துக்கங்க. பழைய பில்ல கேன்சல் பண்ணிட்டு 034-R1ஐ வச்சுக்கங்க. பழைய தொகைய ஏற்கனவே போட்டிருந்தா மீதி 840 மட்டும் போதுமுங்க, அடுத்த பில்லோட குடுத்தாலும் சரி."

தொகையும் காரணமும் மொதல்லயே வந்துரணும், மன்னிப்ப இழுத்து எழுதுனா அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவங்க நம்பரத் தேடிட்டு இருப்பாங்க. பழைய நம்பர்லயே இன்னொரு பில்லும் அனுப்பாதீங்க, ரெண்டும் ஃபைல்ல கெடந்தா எது சரின்னு தெரியாது. நான் ஜிஎஸ்டில பதிவு பண்ணல, அதனால திருத்தின பில் போதுச்சு. பதிவு இருக்கறவங்க கொறச்சுப் போட்டிருந்தா டெபிட் நோட்டு, அதிகமா போட்டிருந்தா கிரெடிட் நோட்டு போடணுமுங்க.

இப்ப நேரத்த 2:45னு எழுதறேன், தொகைக்கு இது:

```
=SUM(B2:B7)*24*600
```

ஷீட்டு நேரத்த நாள் கணக்குல வச்சிருக்கும், அதான் 24ஆல பெருக்கறது. தொகை வர்ற கட்டத்துக்கு நம்பர் ஃபார்மட் வைங்க, இல்லைன்னா தொகையவும் நேரமாக் காட்டலாம். மொத்த நேரம் காட்டற கட்டத்துக்கு `[h]:mm`னு ஃபார்மட் வைங்க, இல்லைன்னா 24 மணி தாண்டுனதும் திரும்ப பூஜ்ஜியத்துல இருந்து காட்டும்.

அண்ணன் மறுநாளே 13,500 போட்டுவிட்டு, ஷீட்ட மட்டும் இனி பில்லோடயே அனுப்புப்பான்னாருங்க. இந்த மாசத்துல இருந்து அனுப்பறேன்.