மண்டையோடு சிரிக்குமா?

(ஊர் நூலக வாசகர் வட்டத்தில் ஒரு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு தமிழாசிரியை எமோஜியைப் பற்றி என்ன பேசப்போகிறார் என்று சிலர் யோசிப்பது முகத்தில் தெரிகிறது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டால் காரணம் புரிந்துவிடும்.

ஒரு கல்யாண வீட்டில் என் கணவர் செல்ஃபி எடுக்க பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினார். கால் வழுக்கி, போன் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கமாக விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் விழுகிற அந்த நொடியை யாரோ படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அத்தை, சித்தப்பா, மாமா எல்லோரும் வரிசையாக 😂😂😂 போட்டார்கள். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் மட்டும் இப்படிப் போட்டாள்: "அப்பா 💀💀".

பத்து நிமிடத்தில் கிராமத்திலிருந்து மாமியார் போன் செய்தார். "என்னம்மா, புள்ள மண்டையோட்டைப் போட்டிருக்கா? அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வாழ்நாளில் பார்த்த மண்டையோடு, டிரான்ஸ்ஃபார்மரில் 'அபாயம்' என்ற எழுத்துக்கு மேலே, இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கிறது. அந்த எலும்பு போட்ட படமும் எமோஜியில் தனியாக உண்டு: ☠️. கணினியும் போனும் பயன்படுத்தும் எழுத்து, குறிகளின் உலகப் பொதுப் பட்டியலான யூனிகோடுக்குள் அந்தக் குறி 1993-லேயே வந்துவிட்டது. என் மகள் போட்டது எலும்பில்லாத 💀. அது 2010-ல் வந்தது. கண்ணீர் வழியச் சிரிக்கும் 😂 முகமும் அதே 2010 பட்டியலில்தான் சேர்ந்தது. இரண்டும் ஒரே வயது. ஆனால் இன்று ஒன்று பெற்றோர் கையிலும் மற்றது பிள்ளைகள் கையிலும் இருக்கிறது.

மகளிடம் கேட்டேன். "சிரிச்சுச் சிரிச்சுச் செத்துட்டேன்னு அர்த்தம்மா" என்றாள். ஆங்கிலத்தில் இளைஞர்கள் 'ஐ ஆம் டெட்' என்று சொல்வதிலிருந்து வந்த வழக்கம் அது. நமக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை. "அவன் பேசினதைக் கேட்டு நான் செத்தேன் போ" என்று நாமும்தான் சொல்கிறோம். அப்போது யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதில்லை.

அப்படியானால் மாமியாருக்கு ஏன் புரியவில்லை? அவர் எமோஜியைப் படமாகப் பார்க்கிறார், பேத்தி அதைச் சொல்லாகப் படிக்கிறாள். நாம் 😂 போடும்போது "என் முகம் இப்போது இப்படி இருக்கிறது" என்று காட்டுகிறோம். பிள்ளைகள் 💀 போடும்போது முகத்தைக் காட்டவில்லை, 'செத்தேன்' என்ற வினைமுற்றை எழுதுகிறார்கள். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளலாம். சொல்லை யாராவது சொல்லித்தரத்தான் வேண்டும்.

படமாகப் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. எங்கள் உறவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். குழுவில் செய்தி வந்ததும், நல்ல மனிதரான ஒரு சித்தப்பா, "ஆழ்ந்த இரங்கல் 😂😂" என்று போட்டார். பிள்ளைகள் அதிர்ந்துபோனார்கள். அவர் கண்ணுக்குக் கண்ணீர்தான் தெரிந்தது, வாய் தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: 😂 முகத்தில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சொட்டு, வாயில் பல் தெரியும். 😭 முகத்தில் கண்ணீர் இரண்டு ஓடையாகக் கீழே இறங்கும், பல் இருக்காது. வெள்ளெழுத்துக் கண்ணுக்கு இரண்டும் ஒரு மஞ்சள் உருண்டைதான். வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகள் அந்த அழுகிற 😭 முகத்தையும் சிரிப்புக்குப் போடுகிறார்கள்! 2021-ல் ட்விட்டரில் 😂-ஐ முந்தி 😭 முதலிடத்துக்கு வந்ததாக, எமோஜிகளைப் பற்றிய தகவல் தளமான எமோஜிபீடியா கணக்கு காட்டியது.

சரி, 😂 மேல் பிள்ளைகளுக்கு என்ன கோபம்? அதற்குப் புழக்கம் மிஞ்சிப்போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சிறந்த 'சொல்'லாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022 மே மாதம் வாட்ஸ்அப்பில் செய்தியை அழுத்திப் பிடித்து எதிர்வினை காட்டும் வசதி வந்தபோது, முதலில் தந்த ஆறில் அதுவும் ஒன்று: 👍 ❤️ 😂 😮 😢 🙏. மண்டையோடு அந்த ஆறில் இல்லை. ஒரே தட்டில் கிடைப்பதால், பாதி சிரிப்பு வந்தாலும் 😂, சிரிப்பே வராவிட்டாலும் மரியாதைக்கு ஒரு 😂. அப்புறம் உண்மையாகவே வயிறு வலிக்கச் சிரித்தால் எதைப் போடுவது? 'நல்லா இருக்கு' என்பது போதாமல் 'பயங்கரமா இருக்கு' என்று நல்ல சாப்பாட்டைப் புகழ்கிறோம் இல்லையா, அதே கதைதான். பயமும் சாவும்தான் அளவைக் கூட்டிக் காட்டக் கைகொடுக்கின்றன. இதற்காக 😂 காலாவதியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அதே 2021-ல் யூனிகோடு அமைப்பு வெளியிட்ட கணக்கில் உலகம் முழுக்க அதுதான் முதலிடம், எல்லா எமோஜியிலும் 5 சதவீதத்துக்கு மேல்.

நாம் 😂-ஐ இன்னொரு வேலைக்கும் வைத்திருக்கிறோம். வாக்கியத்தின் கடுமையைக் குறைக்கக் கடைசியில் ஒட்டுவது. ஒரு நாள் பள்ளியிலிருந்து மகளுக்கு எழுதினேன்: "மார்க் பார்த்தேன் 😂". நல்ல மதிப்பெண், சந்தோஷத்தில் போட்டேன். அவள் சாயங்காலம் வரை பயந்துகொண்டே இருந்திருக்கிறாள். நான் குத்திக்காட்டுகிறேன் என்று படித்திருக்கிறாள். அவள் வயதில் அந்த முகம் பெரும்பாலும் நக்கல், இல்லாவிட்டால் போலிச் சிரிப்பு.

இன்னொன்று கவனித்தேன். மண்டையோடு வெறும் சிரிப்பு மட்டும் இல்லை. என் மகள் தோழிக்கு அனுப்பியதை அவளே காட்டினாள்: "மிஸ்ஸை அம்மான்னு கூப்பிட்டுட்டேன் 💀". இங்கே பொருள் 'மானம் போச்சு'. இதே இடத்தில் 😂 போட்டால் "எனக்கு இது தமாஷாக இருக்கிறது" என்று ஆகிவிடும், கூச்சம் காணாமல் போகும். மண்டையோட்டுக்கு உணர்ச்சி காட்டும் முகம் கிடையாது. அதுதான் அதன் வசதி. கல்யாணப் பந்தியில் சிரிக்காமல் ஜோக் அடித்துவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிடும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பாரே, அந்தப் பாவனை.

அப்போது நிஜமான ஆபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு அம்மா இடைவேளையில் கேட்டார். மண்டையோட்டை விட்டுவிட்டு அதற்கு முன்னால் இருக்கும் வாக்கியத்தைப் படியுங்கள். அங்கே ஒரு தமாஷோ சங்கடமோ இருந்தால், மண்டையோடு அதைச் சேர்ந்தது. முன்னால் ஒன்றுமே இல்லாமல் தனியாக வந்தாலோ, "இனி முடியாது" என்பது போன்ற வாக்கியத்தோடு வந்தாலோ, எமோஜி ஆராய்ச்சி செய்யாமல் பிள்ளையிடம் நேரில் பேசுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதுவதும் இல்லை. என் வகுப்பிலேயே 😂 தவிர வேறு தெரியாத பையன்கள் இருக்கிறார்கள்.

மாமியாரிடம் இதையெல்லாம் விளக்கினேன். பாதி கேட்டார். "அது எங்க இருக்குன்னு எனக்கும் எடுத்துக் குடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். போன வாரம் தோட்டத்து மாமரத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தார். எழுத்து ஒன்றும் இல்லை, கீழே ஒரே ஒரு 💀. என்னவோ ஏதோ என்று போன் செய்தோம். "பழுக்கட்டும்னு விட்டு வச்சேன். அத்தனையையும் அணில் தின்னுட்டுப் போயிடுச்சு" என்றார்.

மகள் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "பாட்டி கரெக்டாத்தான் போட்டிருக்காங்க" என்றாள்.