அச்சுக்கு ஒரு பூட்டு, திரைக்கு ஒரு பூட்டு

நேயர்களுக்கு வணக்கம். புத்தக அட்டை வரைபவர்கள், லோகோ வடிவமைப்பவர்கள் எல்லாருக்கும் வேலை முடிகிற நேரத்தில் ஒரு சிக்கல் வரும். வாடிக்கையாளர் படத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பார்க்காமல் மீதிப் பணத்தைத் தரமாட்டார், அது நியாயம்தான். ஆனால் முழுப் படத்தையும் அனுப்பிவிட்டால், பணம் தராமலேயே அதைப் பயன்படுத்திக்கொள்ள அவரால் முடியும். அதனால் அளவைக் குறைத்து, மேலே வாட்டர்மார்க் போட்டு, மாதிரி என்று ஒன்றை அனுப்புகிறோம்.

அளவைக் குறைப்பதும் வாட்டர்மார்க் போடுவதும் ஒரே கதவுக்குப் போடும் இரண்டு பூட்டுகள் என்று பலர் நினைக்கிறார்கள். இவை இரண்டு வேறு கதவுகளுக்கான பூட்டுகள். சிறிய அளவு, படம் அச்சுக்குப் போவதைத் தடுக்கும். வாட்டர்மார்க், படம் திரையில் பயன்படுவதைத் தடுக்கும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. இதை ஒரு புத்தக அட்டையை வைத்துப் பார்க்கலாம்.

அட்டை 6 அங்குல அகலம், 9 அங்குல உயரம். வெட்டும்போது ஓரம் போவதற்காக நாலு பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு வரைகிறோம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற வழக்கமான அச்சுக் கணக்கில், படம் 1875 பிக்சல் அகலமும் 2775 பிக்சல் உயரமும் வரும். இதை உயரம் 1000 பிக்சல் ஆகும்படி சுருக்கினால் அகலம் 676 ஆகிவிடும். இந்தச் சின்னப் படத்தை யாராவது அச்சகத்துக்கு அனுப்பி முழு அட்டை அளவுக்கு இழுத்தால், அங்குலத்துக்கு 108 பிக்சல்தான் கிடைக்கும். கோடுகள் மங்கும், எழுத்தின் விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரியும். பெரிதாக்கும் செயலிகள் ஓரளவு சரிசெய்யும் என்பது உண்மை. தட்டையான வண்ணத்தில் வரைந்த படத்தில் அவை நன்றாகவே வேலை செய்யும். நுணுக்கமான தூரிகை வேலையையும் மெல்லிய கோடுகளையும் அவற்றால் அப்படியே மீட்க முடியாது.

ஆக, அச்சுப் பக்கம் ஓரளவு பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனால் அதே பதிப்பகம் "விரைவில் வெளிவருகிறது" என்று சமூக ஊடகத்தில் ஓர் அறிவிப்புப் போட நினைத்தால்? கைபேசித் திரையில் 676 பிக்சல் அகலப் படம் தெளிவாகவே தெரியும். இணையப் புத்தகக் கடைகளின் பட்டியலில் அட்டை அதைவிடச் சின்னதாகத்தான் காட்டப்படுகிறது. நாம் மாதிரி என்று அனுப்பியதே அங்கே முழுமையான படம். இன்னும் சுருக்கி 300 பிக்சலுக்குக் கொண்டுபோனால், வாடிக்கையாளருக்கே ஒன்றும் தெரியாது. அவர் எதைப் பார்த்துச் சரி சொல்வார்? அதனால் இந்த இடத்தில் வாட்டர்மார்க்தான் காவல் காக்க வேண்டும்.

வாட்டர்மார்க்கை எங்கே போடுகிறோம் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. கீழ் மூலையில் சின்னதாகப் பெயர் போட்டால், ஓரத்தை வெட்டிவிட்டால் போதும். வெற்று வானத்தின் மேல் போட்டால், பக்கத்து நீலத்தை எடுத்து ஒருமுறை தேய்த்தாலே போய்விடும். அழிக்கக் கஷ்டமான இடம், படத்தில் வேலை அதிகமாக இருக்கும் இடம். முகம், தலைமுடி, இலைகள், துணியின் மடிப்பு, தலைப்பு எழுத்தின் விளிம்பு. அங்கே எழுத்து குறுக்கே ஓடினால், அதை அழிப்பவர் அடியில் என்ன இருந்தது என்று மறுபடி வரைய வேண்டியிருக்கும். நான் சாய்வாக, படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் வரியாகத்தான் போடுகிறேன். எழுத்து அடியில் இருக்கும் படத்தை 30 முதல் 40 சதவீதம் மறைக்கும்படி வைக்கிறேன். வெள்ளை எழுத்துக்குக் கருப்பு விளிம்பு கொடுத்தால், வெளிச்சமான பகுதியிலும் இருண்ட பகுதியிலும் ஒரே மாதிரி தெரியும். முதலில் படத்தைச் சுருக்குங்கள், அப்புறம் வாட்டர்மார்க் போடுங்கள். பெரிய படத்தில் போட்டுவிட்டுச் சுருக்கினால் எழுத்து மெலிந்து மறைந்துபோகும்.

ஒரே வாடிக்கையாளருக்குப் பல படங்கள் அனுப்புகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே வாட்டர்மார்க் பல படங்களின் மேல் மாறாமல் இருந்தால், அந்தப் படங்களை ஒப்பிட்டே கணினி அதைத் தனியாகப் பிரித்தெடுத்து நீக்கிவிடும் என்று அதில் காட்டினார்கள். எழுத்தின் வடிவத்தைப் படத்துக்குப் படம் கொஞ்சம் வளைத்து மாற்றினால் அந்த முறை சரியாக வேலை செய்வதில்லை என்றும் கண்டார்கள். அதனால் பத்துப் படம் அனுப்பினால், வாட்டர்மார்க்கின் சாய்வையும் வளைவையும் ஒவ்வொன்றிலும் லேசாக மாற்றுங்கள். இப்போது ஒரே படத்தை வைத்துக்கொண்டே இப்படி அழிக்கிற கருவிகளும் வந்துவிட்டன. எந்த வாட்டர்மார்க்கும் அழிக்கவே முடியாதது அல்ல. அழிப்பதற்கு வேண்டுமென்றே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், செய்தாலும் முகமும் எழுத்தும் கொஞ்சம் கெட்டுப்போக வேண்டும். அதுதான் நம் நோக்கம்.

பளிச்சென்று தெரிவதில் இன்னொரு பயன் இருக்கிறது. பல சமயம் மாதிரியைத் தவறாகப் பயன்படுத்துகிறவர் வாடிக்கையாளரே அல்ல. அவர் அலுவலகத்தில் வேறொருவர் மின்னஞ்சலில் கிடைத்த கோப்பை எடுத்து, இதுதான் இறுதிப் படம் என்று நம்பி அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக வாட்டர்மார்க் போட்டிருந்தால், அது அச்சாகி வந்த பிறகுதான் எல்லாரும் கவனிப்பார்கள். அதனால் எழுத்தில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். என் பெயரை மட்டும் போடுவதில்லை. "மாதிரி, பயன்பாட்டுக்கு அல்ல" என்று எழுதி, பக்கத்தில் வாடிக்கையாளரின் பெயரையும் தேதியையும் சேர்க்கிறேன். படம் எங்கேயாவது தென்பட்டால், யாருக்கு எப்போது போன பிரதி என்று உடனே தெரியும். கோப்பின் பெயரும் "அட்டை மாதிரி 2" என்றுதான் இருக்கும். அதில் இறுதி என்ற சொல் வரவே கூடாது.

சரி, இவ்வளவு செய்த பிறகு வாடிக்கையாளர் சொல்வார்: "படம் மங்கலாக இருக்கிறதே, வரைந்ததே இப்படித்தானா?" அந்தக் கேள்வியை மதிக்க வேண்டும். நுணுக்கத்தைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. அதற்கு நான் முழு அளவுப் படத்திலிருந்து 500 பிக்சல் சதுரமாக ஒரே ஒரு துண்டு வெட்டி அனுப்புகிறேன். பெரும்பாலும் கண்ணும் மூக்கும் வரும் பகுதி. அச்சில் அது ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகம், முழு அட்டையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், சேர்த்து ஒட்ட முடியும். அட்டையில் இருக்கும் எழுத்துகளை, அதாவது தலைப்பு, ஆசிரியர் பெயர், பின்னட்டைக் குறிப்பு ஆகியவற்றைத் தனியாக வெறும் எழுத்தாகவும் அனுப்பிவிடுவேன். வாட்டர்மார்க்குக்கு அடியில் ஒற்றுப்பிழை தேடச் சொல்வது நியாயமில்லை.

நன்றாக வேலை தெரிந்தவர்களிடமும் அடிக்கடி பார்க்கிற சில ஓட்டைகளைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, 300 என்ற எண்ணை 72 ஆக மாற்றிவிட்டு, படம் சிறிதாகிவிட்டது என்று நம்புவது. ஃபோட்டோஷாப்பில் படத்தின் அளவை மாற்றும் பெட்டியில் Resample என்பதில் குறி இல்லாமல் அந்த எண்ணை மாற்றினால், பிக்சல் ஒன்றுகூடக் குறையாது. அச்சிடும்போது எவ்வளவு பெரிதாக வைக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் மாறும். 1875-க்கு 2775 அப்படியே போய்ச் சேரும். அனுப்புவதற்கு முன்னால் கோப்பின் விவரத்தைத் திறந்து பிக்சல் எண்ணிக்கையைப் பாருங்கள், அங்குலத்தைப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது ஓட்டை பிடிஎஃப். அதற்குள் முழு அளவுப் படம் அப்படியே உட்கார்ந்திருக்கலாம், வாட்டர்மார்க் அதன் மேல் தனி லேயராக மிதந்துகொண்டிருக்கலாம். வடிவமைப்புச் செயலியில் திறந்து அந்த லேயரை அழித்தால் முடிந்தது. லோகோ வடிவமைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவர்களுடைய கோடுகள் வெக்டராகவே உள்ளே இருக்கும், எந்த அளவுக்கும் பெரிதாக்கலாம். கடவுச்சொல் பூட்டையும் நம்ப வேண்டாம், திரையில் தெரிகிற எதையும் பிடித்துக்கொள்ளலாம். எல்லா லேயரையும் ஒன்றாக்கி, சுருக்கிய ஜேபெக் படமாக அனுப்புவதே நல்லது. லோகோவுக்கு அதுவும் போதாது. இரண்டு வண்ணத்தில் தெளிவான வடிவம் என்றால், 600 பிக்சல் படத்திலிருந்தே கோடு பிடித்து மறுபடி வெக்டராக்கிவிடலாம். அதனால் லோகோவைத் தட்டையாக அனுப்பாமல், ஒரு பையின் மேல் அல்லது பெயர்ப்பலகையில் சாய்ந்து தெரிவதுபோல் பொருத்திக் காட்டுங்கள். வடிவத்தின் விளிம்புகளை வெட்டிக்கொண்டு வாட்டர்மார்க் ஓடட்டும்.

மூன்றாவது, இணையச் சேமிப்பகத்தின் இணைப்பு. மாதிரிக்கென்று கொடுத்த இணைப்பு, மூலக் கோப்பும் இருக்கிற அதே கோப்புறைக்குப் போகிறதா என்று பாருங்கள். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருந்தாலும், பல சேவைகளில் பதிவிறக்கத்தைத் தனியாக அணைக்க வேண்டும். மாதிரிகளுக்கு வேறு கோப்புறை வைத்துக்கொள்வது எளிது.

வாட்டர்மார்க் உங்களுக்குப் புதிதாக எந்த உரிமையையும் தருவதில்லை. பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில், ஓவியத்தின் மீதான காப்புரிமை வரைந்த உடனேயே வந்துவிடுகிறது, பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. ஆனால் வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தும் அனுமதி எப்போது போகிறது என்பதை நீங்கள்தான் எழுத்தில் சொல்ல வேண்டும். வேலை தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் இரண்டு வரி போதும்: மாதிரிகள் ஒப்புதலுக்கு மட்டும், முழுத் தொகை வந்த பிறகே பயன்படுத்தும் அனுமதி. கூடவே, பணம் வந்த எத்தனை மணி நேரத்துக்குள் இறுதிக் கோப்பு வரும் என்றும் எழுதுங்கள். அவருக்கும் பயம் இருக்கும், பணம் போய்ப் படம் வராவிட்டால் என்ன செய்வது என்று. முன்கூட்டியே சொல்லியிருந்தால், வாட்டர்மார்க் போட்ட படத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

மாதிரி எங்கேயாவது பயன்பட்டிருப்பதைக் கண்டால், முதலில் பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இரண்டு வரி மின்னஞ்சலையும், வாடிக்கையாளர் பெயரும் தேதியும் பொறித்த உங்கள் பிரதியையும் இணைத்து, படத்தை எடுத்துவிடுங்கள் அல்லது மீதித் தொகையை அனுப்புங்கள் என்று அமைதியாக எழுதுங்கள். தெரியாமல் செய்தவர் அன்றைக்கே பதில் போடுவார். பதில் வராவிட்டால், படம் வெளியான தளத்திலேயே காப்புரிமைப் புகார் கொடுக்கலாம். அதற்கும் இதே மூன்றுதான் தேவைப்படும்.

வணக்கம்.